மழை பெய்தும் ‘பருவமழை தொடங்கவில்லை’ என்கிறார்களே, ஏன்?

வாசகர் கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். 11 வருடமாக வாசலில் மழைமானி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். போன பருவத்தில் செப்டம்பர் கடைசியில் புழுதி விதைப்பு செய்தேன். அக்டோபர் 3, 4 தேதிகளில் 24 மி.மீ. மழை பெய்தது. விதை முளைத்தது, பிறகு காய்ந்தும் போனது. டிவியில் அப்போது ‘வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை’ என்றார்கள். பிற்பாடு ‘தொடங்கியது’ என்று அறிவித்த அன்று எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. இந்தத் தேதியை எதை வைத்துத்தான் குறிக்கிறார்கள்? என் ஊருக்கென்று ஒரு தேதியை நானே குறிக்க முடியுமா? நோட்டின் நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் நோட்டுக்கு நன்றி. 8.30 மணி என்ற ஒழுங்கை 11 வருடம் காப்பாற்றியிருக்கிறீர்கள். நாட்டில் எல்லா மழைமானியும் அந்த நேரத்தில்தான் அளக்கப்படுகிறது என்பதால் உங்கள் கணக்கை வேறு எந்த ஊர்க் கணக்கோடும் தைரியமாக ஒப்பிடலாம்.

அக்டோபர் 3, 4-இல் பெய்தது மழைதான், ஆனால் பருவமழை இல்லை. அறிவிப்பு வந்த அன்று உங்கள் ஊரில் பெய்யவில்லை, ஆனால் பருவமழை தொடங்கியது உண்மை. இரண்டும் முரணாகத் தெரிவதற்குக் காரணம் ‘பருவமழை’ என்ற சொல்லில் மழை ஒட்டிக்கொண்டிருப்பது. வானிலைத் துறையில் அந்தச் சொல் முதலில் குறிப்பது காற்றை. ஆறு மாதம் ஒரு திசையிலிருந்து அடிக்கும் காற்று திசை மாறுவதுதான் பருவம் மாறுவது. மழை அதன் பின்னால் வரும் சாட்சி.

மற்ற மாநிலங்களில் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. அங்கே மழை இல்லாத காலம் முடிந்து மழைக்காலம் வருகிறது. நாம் இருப்பதோ இரண்டு பருவங்களின் சந்தியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. அது ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் காற்று தளரும்போது, பகலெல்லாம் காய்ந்த தரை மாலையில் இடி மேகங்களை எழுப்பும். டிவியில் ‘வெப்பச்சலனம் காரணமாக’ என்பார்களே, அதுதான். அந்த மேகங்கள் உள் மாவட்டங்களில் பிறந்து, மேல்காற்றில் கிழக்கே நகர்ந்து, இருட்டிய பிறகு கடலோரத்துக்கு வந்து சேரும். உங்கள் நோட்டில் அக்டோபர் 3-க்கு எதிரில் ‘ராத்திரி 8 மணிக்கு இடியோடு, தஞ்சாவூர் பக்கமிருந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். அது தென்மேற்குப் பருவத்தின் வால்.

வடகிழக்கின் மழை அப்படி வராது. கொண்டல் என்னும் கீழைக்காற்று கடலிலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும். கடலோரத்தில் அது பெரும்பாலும் நடுநிசிக்குப் பிறகு தொடங்கி விடியும்வரை விட்டு விட்டுப் பெய்யும். இடி குறைவு, சில நாள் இருக்கவே இருக்காது. வேதாரண்யம் பக்கத்துக் கடற்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், மேல்காற்றான கச்சான் போய்க் கொண்டல் வந்துவிட்டதா என்பதை மழையைப் பார்க்காமலேயே சொல்வார்கள்.

சரி, சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் தேதியை எப்படிக் குறிக்கிறார்கள்? இந்திய வானிலை ஆய்வுத் துறை தமிழகக் கடலோரத்துக்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் நான்கு. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரையாவது விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் தரைமட்டக் காற்று கிழக்கிலிருந்து நிலையாக வீச வேண்டும். அந்தக் கீழைக்காற்று ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரம் வரை இருக்க வேண்டும். கடலோரத் தமிழகத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும் ‘அநேக இடங்களில்’ மழை பெய்திருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் ஒரு காவல் விதியும் உண்டு: அக்டோபர் 10-க்கு முன்னால் அறிவிப்பதில்லை. ஆகவே உங்கள் அக்டோபர் 3-ஆம் தேதி மழை 24 மி.மீ. இல்லை, 24 செ.மீ. பெய்திருந்தாலும் அதைத் தொடக்கம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் நுட்பமானது. கிழக்கிலிருந்து காற்று வீசினால் போதாதா, எதற்கு உயரம் என்று நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். கடலோர ஆய்வகம் ஒன்றில் பைலட் பலூன் விடுவது என் வேலை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை விட்டுவிட்டு, தியோடலைட் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை கோணத்தைப் படித்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள். தரையில் நல்ல கிழக்குக் காற்று, வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலூன் மேற்கே நகர்ந்துகொண்டே ஏறியது. சில நிமிடத்தில், ஒரு கி.மீ. கூட ஏறியிருக்காது, தயங்கி நின்றதுபோல் தெரிந்தது. அப்புறம் திரும்பி எங்கள் தலைக்கு மேலாகவே கிழக்கே கடலை நோக்கிப் போய்விட்டது. கீழே நாங்கள் அனுபவித்தது வெறும் கடற்காற்று. சென்னைவாசிகளுக்கு ஜூலையிலும் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று வரும். அதைப் பருவம் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் உயரத்தையும் நிலைத்திருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இப்போது சென்னையிலும் காரைக்காலிலும் கருவி கட்டிய பலூன் பறக்கிறது, ரேடியோ வழியே செய்தி தானாக வந்துவிடுகிறது. கண்ணாடியில் கண்ணை வைக்கும் வேலை இல்லை.

நான்காவது நிபந்தனையில் உங்கள் புகாருக்குப் பதில் இருக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’, ‘அநேக இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்பவை பேச்சுக்குச் சொல்லும் வார்த்தைகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் கால்வாசி வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். அரைவாசி வரை என்றால் ஒருசில. பாதிக்கு மேல், முக்கால் வரை என்றால் அநேக இடங்கள். அதற்கும் மேலே போனால் பெரும்பாலான இடங்கள். ஒரு மழைமானியில் ‘மழை பெய்தது’ என்று எண்ணுவதற்குக் குறைந்தது 2.5 மி.மீ. இருக்க வேண்டும். ஆக, தொடக்கம் அறிவிக்கும் நாளில் பாதி ஊர்கள்வரை காய்ந்து கிடக்க இடம் உண்டு. அன்று உங்கள் ஊர் அந்தக் காய்ந்த பாதியில் இருந்தது, அவ்வளவுதான். தேதி குறித்தது ஒரு பிரதேசத்துக்கு, ஒரு கிராமத்துக்கு இல்லை.

இந்த நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று எப்படி இழுத்துக்கொள்ளும் என்பதற்கு 2022 நல்ல உதாரணம். அந்த வருடம் அக்டோபர் 23-ஆம் தேதி தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலிருந்தும் விலகியதாக அறிவித்தார்கள். மறுநாள் தீபாவளி. ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வழக்கமான தொடக்கத் தேதியான அக்டோபர் 20-உம் தாண்டிவிட்டது. மேல்காற்றின் பருவம் முடிந்துவிட்டது என்றால் கொண்டல் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. வங்கக் கடலில் சித்ரங் புயல் உருவாகி வங்கதேசத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நம் பாதி உலகத்தில் புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயல் வடகிழக்கே இருக்க, அதன் தென்மேற்கு மூலையில் தமிழ்நாடு. அந்த மூலையில் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும்தான் வரும், அதாவது தரையிலிருந்து கடலுக்கு. கடலின் ஈரமெல்லாம் புயலுக்குப் போய்விட்டது. புயல் 24-ஆம் தேதி இரவை ஒட்டிக் கரையேறி அடங்கிய பிறகும், கலைந்த காற்று திரும்பக் கிழக்கில் நிலைப்பதற்குச் சில நாள் பிடித்தது. அக்டோபர் 29-ஆம் தேதிதான் தொடக்கம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு பருவம் போயாயிற்று, இன்னொன்று வரவில்லை. நடுவில் ஆறு நாள் யாருக்கும் சொந்தமில்லாத நாட்கள்.

2018-இல் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அக்டோபர் 21-இல் தென்மேற்கு விலகியது, நவம்பர் 1-இல்தான் வடகிழக்கு தொடங்கியது. அந்த அக்டோபரில் வங்கக் கடலில் திட்லி, அரபிக்கடலில் லூபன் என்று இரண்டு பக்கமும் புயல்கள். மாறாக 2024-இல் விலகலும் தொடக்கமும் ஒரே நாளில், அக்டோபர் 15-இல் நடந்தன. இடைவெளி இத்தனை நாள் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

தேதி தாமதமானதால் மழை குறையும் என்றும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதே 2022-இல் தொடங்கிய இரண்டே வாரத்தில், நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், சீர்காழியில் 44 செ.மீ. கொட்டியது. தமிழ்நாடு முழுவதற்கும் மூன்று மாதத்தில் கிடைக்கும் சராசரியே சுமார் 44 செ.மீ.தான்.

‘விலகல்’ என்ற சொல்லும் ஒரு பொறி. வடமேற்கே ராஜஸ்தானில் தென்மேற்குப் பருவமழை விலகியது என்றால், அங்கே மழை நின்றது என்றே அர்த்தம். தொடர்ந்து ஐந்து நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும். தாழ்வான உயரத்தில் காற்று எதிர்ச்சுழலாக, அதாவது கடிகாரத் திசையில் சுழன்று கீழே அமுங்கும் நிலைக்கு வர வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் ஈரம் வடிந்தது தெரிய வேண்டும். செப்டம்பர் 1-க்கு முன்னால் இதைப் பார்ப்பதே இல்லை. முன்பு அந்தச் செப்டம்பர் 1-ஐயே வழக்கமான விலகல் தேதியாக வைத்திருந்தார்கள். பிறகு பல பத்தாண்டுப் பதிவுகளைத் திரும்பப் பார்த்து, மழை அவ்வளவு சீக்கிரம் போவதில்லை என்று கண்டு, 2020-இல் அதைச் செப்டம்பர் 17-க்கு மாற்றினார்கள். ஆனால் தெற்கே வரும்போது இதே அளவுகோலை வைத்தால் கதை நடக்காது. இங்கே அக்டோபரில் ஐந்து நாள் மழை நிற்பதற்காகக் காத்திருந்தால் ஜனவரி வந்துவிடும்! அதனால் தென் தீபகற்பத்துக்கு மட்டும், அக்டோபர் 1-க்குப் பிறகு, காற்று தென்மேற்குப் போக்கிலிருந்து மாறிவிட்டதா என்று பார்த்து விலகலை அறிவிக்கிறார்கள். வடக்கே மழை நிற்பது விலகல், நமக்குக் காற்று மாறுவது விலகல். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். செய்தி படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைச் சேர்த்துப் பார்ப்பது தேவையில்லாத வம்பு என்று சொல்பவர்களுக்கு நான் கேரளத்தைக் காட்டுவேன். அங்கே நிபந்தனை எண்ணிக்கையாகவே இருக்கிறது. மினிக்காய் முதல் மங்களூரு வரை 14 ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். மே 10-க்குப் பிறகு அவற்றில் 60 விழுக்காட்டு ஊர்களில், தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால், இரண்டாவது நாள் தொடக்கம். கூடவே மேல்காற்று நாலு கி.மீ.க்கும் அதிகமான உயரம் வரை ஆழமாக இருக்க வேண்டும், அரபிக்கடல் பக்கம் உயரமான மேகக்கூட்டம் இருப்பது செயற்கைக்கோளில் தெரிய வேண்டும். 2021 மே நடுவில் டவ்-தே புயல் கேரளக் கரையை உரசிக்கொண்டு வடக்கே போனபோது மாநிலமெங்கும் கனமழை. மழைமானியை மட்டும் நம்பினால் அன்றைக்கே பருவமழை வந்தாயிற்று. புயல் குஜராத்துக்குப் போனது, மழையும் கூடவே போனது. அறிவிப்பு ஜூன் 3-ஆம் தேதிதான் வந்தது. உங்கள் அக்டோபர் 3, 4-உம் அந்தச் சாதிதான். அளவு சின்னது, ஏமாற்று ஒன்று.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். டிசம்பர் கடைசியில் ‘வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட இத்தனை விழுக்காடு அதிகம்’ என்று சொல்லும் கணக்கு, அறிவிப்புத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பெய்த எல்லாமே அதில் சேரும். அதாவது உங்கள் 24 மி.மீ. பருவமழையாக இல்லாவிட்டாலும் பருவமழைக் கணக்கில் இருக்கிறது. முடிவிலும் இதே கதை. 2021 ஜனவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முறை வடகிழக்குப் பருவமழை முடிவுக்கு வந்ததாக ஜனவரி 19-இல்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஜனவரி மழை முழுவதும் புத்தகத்தில் ‘குளிர்கால மழை’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. ஒரு வருடத்தை இன்னொன்றோடு ஒப்பிட நிலையான காலண்டர் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்தக் காலண்டரை வைத்து விவசாயம் செய்ய முடியாது.

இனி உங்கள் ஊர்த் தேதி. முடியும், அதற்கு உங்களிடம் இருக்கும் நோட்டே போதும்.

மழைக்கால விவசாயம் செய்யும் வறண்ட நாடுகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று நாளில் 20 மி.மீ. சேர வேண்டும். அதன் பிறகு வரும் 30 நாளுக்குள் நீண்ட வறட்சி இடைவெளி இருக்கக் கூடாது. இரண்டாவது பாதிதான் விதியின் உயிர், முளைத்த பயிர் பிழைத்ததா என்று அதுதான் கேட்கிறது. இடைவெளி எத்தனை நாள் என்பது மண்ணைப் பொறுத்தது. உங்கள் களிமண்ணுக்கு 10 நாள் என்று வைத்தேன். 2.5 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்த நாளை வறண்ட நாளாகவே எண்ண வேண்டும்.

போன பருவத்தை அப்படியே போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 3-இல் 18, 4-இல் 6. மொத்தம் 24, முதல் பாதி பாஸ். 5 முதல் 17 வரை 9-ஆம் தேதி பெய்த 1 மி.மீ. தவிர எதுவும் இல்லை. 13 வறண்ட நாட்கள். ஃபெயில். இதைப் பொய்த் தொடக்கம் என்று சொல்வோம். அடுத்து 18-இல் 4, 19-இல் பூஜ்யம், 20-இல் 7, 21-இல் 12, 22-இல் 9. மூன்று மூன்று நாளாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 18-20-க்கு 11, 19-21-க்கு 19, 20-22-க்கு 28. கடைசியில்தான் 20-ஐத் தாண்டுகிறது. அதன்பின் 23 முதல் 27 வரை ஐந்து நாள் காய்ச்சல், 28-இல் 31 மி.மீ., அங்கிருந்து நவம்பர் நடுப்பகுதி தாண்டும்வரை ஐந்து நாளுக்கு மேல் இடைவெளியே இல்லை. ஆக உங்கள் ஊரின் தொடக்கம் அக்டோபர் 20. அரசாங்க அறிவிப்பு வந்தது முன்பு சொன்ன அந்த 13 வறண்ட நாட்களுக்குள். அதனால்தான் அன்று ஒரு சொட்டு இல்லை. அறிவிப்பு வந்து சில நாள் கழித்துத்தான் உங்கள் ஊரில் தொடங்கியது.

இந்த 20 மி.மீ. ஒன்றும் வேதவாக்கு இல்லை. அதை 30 என்று மாற்றினால் 20-22-இன் 28 தோற்றுவிடும், தொடக்கம் 28-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். இரண்டே மி.மீ. குறைந்ததற்காக எட்டு நாள் வித்தியாசம்! பருவத் தேதிகள் எல்லாவற்றிலும் இந்தப் பலவீனம் உண்டு, பெரிய அலுவலகங்கள் குறிக்கும் தேதியிலும்தான். அதனால் அளவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் 11 வருடத்துக்கும் ஒரே அளவைப் போடுங்கள். நடுவில் மாற்றினால் மழை மாறியதா, அளவுகோல் மாறியதா என்று பிறகு பிரிக்க முடியாது.

சரிபார்க்க இன்னொரு வழியிலும் போட்டேன். இதில் எந்த மி.மீ. எல்லையையும் நாம் கையால் வைக்க வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் வருட சராசரி 1,200 மி.மீ.யை ஒட்டி வருகிறது. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 3.3. தினமும் பெய்த மழையிலிருந்து 3.3-ஐக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பெய்யாத நாளில் கணக்கு 3.3 இறங்கும், நல்ல மழையில் ஏறும். கோடு எந்த நாளில் அடிமட்டத்தைத் தொடுகிறதோ, அதற்கு அடுத்த நாள் மழைக்காலத்தின் தொடக்கம். உச்சியைத் தொடும் நாள் முடிவு. அக்டோபர் 3, 4-இல் உங்கள் கோடு 17 ஏறியது. அடுத்த 13 நாளில் 42 இறங்கியது. பொய்த் தொடக்கத்தை இந்தக் கோடு எப்படி விழுங்குகிறது, பாருங்கள். அடிமட்டம் அக்டோபர் 19, தொடக்கம் 20. இரண்டு வழியும் ஒரே தேதியில் வந்து நின்றன. எப்போதும் இப்படி நிற்காது, இரண்டும் ஒரு வாரம் விலகினால் அந்த வருடத் தொடக்கமே குழப்பமானது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே பருவம் போன பிறகு சொல்பவை. 30 நாள் கழித்துத்தானே இடைவெளி இருந்ததா என்று தெரியும்? அக்டோபர் 4-ஆம் தேதி காலையில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது பொய்யா, மெய்யா’ என்று அதைக் கேட்க முடியாது. அன்றைக்கு உதவுவது காற்று மட்டும்தான். மழை எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில், இடியோடா இல்லாமலா என்பதை நீங்கள் எப்போதாவது எழுதுகிறீர்கள். இனி ஒவ்வொரு மழைக்கும் எழுதுங்கள். காற்றுத் திசையைக் காலை 8.30-க்கே பாருங்கள், மதியத்தில் பார்த்தால் கடற்காற்று ஏமாற்றிவிடும். காலையிலும் நாலைந்து நாள் விடாமல் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தால், அப்புறம் பெய்யும் மழையை நம்பலாம்.

11 வருடத் தேதிகளும் கைக்கு வந்த பிறகு சராசரி எடுக்காதீர்கள். முந்தியதிலிருந்து பிந்தியது வரை வரிசையாக எழுதி, நடுவிலிருக்கும் ஆறாவது தேதியைப் பாருங்கள். அறிவிப்புத் தேதிகளை வைத்தே காட்டுகிறேன். 2018 முதல் 2024 வரை: நவம்பர் 1, அக்டோபர் 16, 28, 25, 29, 21, 15. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது அக்டோபர் 25. புத்தகத்தில் வழக்கமான தேதி அக்டோபர் 20. ஏழு வருடத்தை வைத்துப் பருவம் தள்ளிப்போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். முன்னே பின்னே ஏழெட்டு நாள் ஆடுவது இந்தத் தேதியின் இயல்பு. உங்களுக்கு வேண்டியது நடுத் தேதியும் இல்லை. 11 வருடத்தில் எட்டு வருடம் எந்தத் தேதிக்குள் மெய்யான தொடக்கம் வந்துவிட்டது என்பதைப் பாருங்கள். வரிசையில் எட்டாவது தேதி அது. புழுதியில் கிடக்கும் விதை அதுவரை தாங்குமா என்று யோசித்து விதைப்பு நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்.

முடிவுத் தேதிக்கும் இதே வேலையைச் செய்யுங்கள், அதை யாரும் செய்வதில்லை. கோட்டின் உச்சி உங்கள் நோட்டில் சில வருடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது, இரண்டு வருடம் ஜனவரிக்குள் போயிருக்கிறது. உச்சி வந்த பிறகு மண்ணிலுள்ள ஈரமும் ஆற்றுத் தண்ணீரும்தான் கதி. 160 நாள் ஓடும் சி.ஆர்.1009-ஆ, 135 நாள் ரகமா என்பதை அந்தத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். கணக்கைப் போட்டு அனுப்பினால் நானும் ஒரு முறை பார்த்துத் தருகிறேன். 2021 ஜனவரிப் பக்கத்தை மட்டும் தெளிவாகத் திரும்ப நகலெடுத்து அனுப்புங்கள், மை ஊறிப் பாதி எண்கள் படிக்க வரவில்லை.